நான்கு நொடி பின்தங்கிய சர்வர்: யார் முந்தி என்பதை மணி பார்க்காமல் சொல்வது

கேள்வி: எங்களிடம் மூன்று சர்வர்கள் இருக்கின்றன: ஆர்டர், பேமென்ட், குடோன். மூன்றின் லாகையும் ஒன்றாகக் கொட்டி நேரப்படி அடுக்கினால், ஆர்டர் போடுவதற்கு முன்பே பணம் எடுத்த மாதிரி வருகிறது. எல்லாவற்றிலும் நேரத்தைச் சரியாக வைத்துவிட்டால் போதுமா? 'லாஜிக்கல் கிளாக்' வையுங்கள் என்கிறார்கள். படித்துப் பார்த்தேன், பெரியதை எடு, ஒன்றைக் கூட்டு என்பதைத் தாண்டி எதுவும் பிடிபடவில்லை. அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? ஒரு உதாரணம் போட்டுக் காட்ட முடியுமா?

பதில்:

நேரத்தைச் சரியாக வையுங்கள், அது எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் உங்கள் சிக்கல் அதோடு தீராது.

சர்வருக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடுகிறது. அந்தப் படிகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கு பிசகுவது சாதாரணம். ஒரு நாளுக்கு 86,400 நொடி. கணக்குப் போட்டால் ஒரே நாளில் 4.3 நொடி தள்ளிப் போகிறது. நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி இதை அவ்வப்போது இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒரே கட்டிடத்துக்குள் என்றால் மில்லிநொடிக் கணக்கிலும், இணையம் வழியாக என்றால் பல பத்து மில்லிநொடிக் கணக்கிலும் பிழை மிஞ்சும். ஆனால் பக்கத்து ரேக்கில் இருக்கும் சர்வருக்கு ஒரு மெசேஜ் அரை மில்லிநொடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். மெசேஜ் பயணப்படும் நேரத்தைவிடக் கடிகாரப் பிழை பெரிதாக இருக்கும்வரை, அனுப்புவதற்கு முன்பே வந்து சேர்ந்த மெசேஜ்கள் உங்கள் லாகில் வந்துகொண்டேதான் இருக்கும். போதாக்குறைக்கு, பிசகு அதிகமானால் என்டிபி கடிகாரத்தைப் பின்னால் தள்ளியும் வைக்கும். அப்போது ஒரே சர்வரின் லாகிலேயே நேரம் பின்னோக்கிப் போகும்.

இதிலிருந்து வெளியே வர, கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். உங்களுக்குத் தேவை 'எத்தனை மணிக்கு நடந்தது' என்பதா, அல்லது 'இது நடந்தபோது அது ஏற்கெனவே நடந்திருந்ததா' என்பதா? இரண்டாவதுதான் என்றால் மணியே வேண்டாம்.

1975-ல் பால் ஜான்சன், ராபர்ட் தாமஸ் என்ற இருவர், பல இடங்களில் நகல் வைத்திருக்கும் தரவுத்தளங்களை ஒத்துப்போக வைக்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் டைம்ஸ்டாம்ப் குத்தும் ஒரு வழியை எழுதினார்கள். அதைப் படித்த கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட், அந்த முறையில் காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிட வாய்ப்பிருக்கிறது என்று கண்டுகொண்டார். ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியலை ஓரளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்ததால்தான் தனக்கு அது கண்ணில் பட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓர் ஒளிக்கதிர்கூடப் போய்ச் சேர முடியாத இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதற்கு இயற்பியலிலேயே ஒரே பதில் கிடையாது. இங்கே ஒளிக்கதிரின் இடத்தில் மெசேஜ். அவ்வளவுதான் வித்தியாசம். 1978-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில்தான் நீங்கள் படித்த 'பெரியதை எடு, ஒன்றைக் கூட்டு' இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டுரையின் சாரம் அந்த விதியில் இல்லை. அதற்கு முன்னால் வரும் உறவில் இருக்கிறது. ஒரே சர்வரில் அ நடந்த பிறகு இ நடந்தால், அ முந்தியது. ஒரு சர்வர் அனுப்பிய மெசேஜை இன்னொன்று பெற்றால், அனுப்பியது முந்தியது, பெற்றது பிந்தியது. இந்த இரண்டையும் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம். இப்படி எந்தச் சங்கிலியாலும் இணைக்க முடியாத இரண்டு நிகழ்வுகள் 'ஒரே நேரத்தில்' நடந்தவை என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நான் அவற்றை 'ஒன்றையொன்று அறியாதவை' என்றே சொல்வேன். அவற்றுக்கு நடுவே ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்கலாம். ஒன்று நடந்த சேதி மற்றதற்கு எட்டவில்லை, அதுதான் விஷயம்.

இனி அந்த எண். ஒரு துணிக்கடைக்கு இரண்டு கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ரசீது புத்தகம். ஒரே கிளையில் 57-ம் ரசீது 58-க்கு முந்தியது என்று சொல்ல யாருக்கும் கடிகாரம் தேவையில்லை. ஆனால் இந்தக் கிளையின் 57-ஐயும் அந்தக் கிளையின் 60-ஐயும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்போது ஒரு சட்டம் போடுகிறோம்: ஒரு கிளை மற்றதற்குக் கடிதம் எழுதினால் அதற்கும் ஓர் எண் போட வேண்டும், அந்தக் கடிதத்தைப் பெற்ற கிளை, தன் புத்தகம் 12-ல் நின்றாலும், கடிதத்தில் 60 என்று இருந்தால் நடுவே இருக்கும் தாள்களை விட்டுவிட்டு 61-லிருந்து எழுத வேண்டும். அப்புறம் எந்தக் கடிதத்தின் எண்ணும் அதற்கு எழுதிய பதிலின் எண்ணைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். உங்களை வைக்கச் சொன்ன 'லாஜிக்கல் கிளாக்' வகையில் முதலாவதான லாம்போர்ட் கடிகாரம் என்பது முழுக்க முழுக்க இதுதான்.

```python
class LamportClock:
    def __init__(self):
        self.n = 0

    def tick(self):            # உள்வேலை, அல்லது மெசேஜ் அனுப்பும்போது
        self.n += 1
        return self.n

    def receive(self, m):      # m: மெசேஜோடு வந்த எண்
        self.n = max(self.n, m) + 1
        return self.n
```

உங்கள் மூன்று சர்வர்களையே வைத்து ஒரு காலைப்பொழுதைப் போட்டுப் பார்ப்போம். ஆர்டர் சர்வர் ஆ, பேமென்ட் ப, குடோன் கு. ப-வில் என்டிபி நேற்றே நின்றுபோய், அதன் கடிகாரம் சரியாக 4 நொடி பின்தங்கியிருக்கிறது. மற்ற இரண்டும் சரியாக ஓடுகின்றன.

முதலில் குடோன் தன்பாட்டுக்குச் சரக்கை எண்ணி எழுதிக்கொள்கிறது. பிறகு வாடிக்கையாளர் ஆர்டர் போடுகிறார்; ஆ, 'பணம் எடு' என்று ப-வுக்கு மெசேஜ் அனுப்புகிறது. வங்கியிலிருந்து ப-வுக்குப் பதில் வரச் சில நொடிகள் ஆகின்றன. அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் மனம் மாறி ரத்து பட்டனை அழுத்துகிறார். ஆ உடனே குடோனுக்கு 'ரத்து' என்று அனுப்புகிறது. ப-வுக்கு அது தெரியாது. பணத்தை எடுத்துவிட்டு, அதுவும் குடோனுக்கு 'பணம் வந்தது, சரக்கை அனுப்பு' என்கிறது. குடோனுக்கு முதலில் ரத்து வருகிறது, அரை நொடி கழித்து 'அனுப்பு' வருகிறது. குடோன் ஆ-வுக்கு ஒரு பதில் போடுகிறது.

கீழே 'மணி' என்ற இடத்தில் இருப்பது அந்தந்த சர்வர் தன் லாகில் எழுதியது, 10:00-க்குப் பிறகு நொடிகளில். கடைசியில் லாம்போர்ட் எண்.

```
நிகழ்வு  என்ன நடந்தது              மணி    எண்
கு1     சரக்கு எண்ணல்             02.0    1
ஆ1     ஆர்டர்                    05.0    1
ஆ2     'பணம் எடு' -> ப           05.1    2
ப1      'பணம் எடு' பெற்றது        01.2    3
ஆ3     வாடிக்கையாளர் ரத்து       07.5    3
ஆ4     'ரத்து' -> கு             07.6    4
கு2     'ரத்து' பெற்றது           07.7    5
ப2      பணம் எடுத்தது            04.0    4
ப3      'அனுப்பு' -> கு          04.1    5
கு3     'அனுப்பு' பெற்றது         08.2    6
கு4     பதில் -> ஆ               08.3    7
ஆ5     பதில் பெற்றது             08.4    8
```

வரிகள் உண்மையில் நடந்த வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசை நமக்குத் தெரியும், ஏனென்றால் கதையை எழுதியது நாம். சர்வர்களுக்குத் தெரியாது.

எண்கள் வந்த விதத்தைச் சில இடங்களில் மட்டும் பார்த்தால் போதும். ப அதுவரை எதுவும் செய்யவில்லை, எண் 0. ஆ-விலிருந்து வந்த மெசேஜில் 2 இருந்தது. பெரியது 2, ஒன்று கூட்டினால் ப1-க்கு 3. குடோன் 1-ல் நின்றபோது ரத்து மெசேஜ் 4-உடன் வந்தது, ஆகவே கு2-க்கு 5. பிறகு 'அனுப்பு' 5-உடன் வந்தது. தன்னிடமும் 5, வந்ததும் 5, ஆகவே கு3-க்கு 6.

இப்போது மணிப்படி அடுக்கிப் பாருங்கள். பணம் எடுத்தது 04.0, ஆர்டர் போட்டது 05.0. நீங்கள் கண்ட அதே அபத்தம். எண்ணின்படி அடுக்கினால் ஆர்டர் 1, பணம் எடுத்தது 4, அபத்தம் போய்விட்டது. இந்தக் காரியம் நடக்க ப-வின் கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் இதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணின்படி அடுக்கும்போது சமமாக வருகிறவற்றை என்ன செய்வது? வழக்கம் என்னவென்றால் சர்வர் பெயரை வைத்துத் தீர்த்துக்கொள்வது: ஆ முதலில், பிறகு ப, பிறகு கு. அப்படிச் செய்தால் முழு வரிசை இப்படி வரும்:

```
ஆ1 கு1 ஆ2 ஆ3 ப1 ஆ4 ப2 ப3 கு2 கு3 கு4 ஆ5
```

ஆ3-ஐயும் ப1-ஐயும் பாருங்கள். இந்த வரிசையைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? வாடிக்கையாளர் ரத்து செய்த பிறகுதான் 'பணம் எடு' என்ற மெசேஜே பேமென்ட்டுக்குப் போயிருக்கிறது, அதற்கப்புறமும் பணத்தை எடுத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். உண்மையில் ப1 நடந்து இரண்டு நொடிக்கு மேல் ஆன பிறகுதான் ஆ3 நடந்தது. இரண்டுக்கும் எண் 3 என்று வந்தது தற்செயல். பெயரை வைத்து ஆ-வை முன்னால் போட்டது நம் வசதி. இப்படி ஒரு லாகை வைத்துக்கொண்டு இன்னொரு குழுவின் மேல் தப்புச் சொன்ன கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆக, 'அந்த எண் எதைச் சொல்கிறது' என்ற உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இது. ஒன்று மற்றொன்றுக்கு முந்தியது என்றால் அதன் எண் கண்டிப்பாகச் சிறியது. எண் சிறியது என்பதால் அது முந்தியது என்று ஆகாது. அந்த எண்ணைத் திருப்பிப் போட்டு ஒரே ஒரு முடிவுக்குத்தான் வர முடியும்: பணம் எடுத்த ப2-வுக்கு எண் 4, ரத்து மெசேஜைப் பெற்ற கு2-வுக்கு 5; ஆகவே கு2 காரணமாகி ப2 நடந்திருக்க வழியே இல்லை. விலக்குவதற்கு எண் உதவும், நிறுவுவதற்கு உதவாது.

அப்படியானால் அந்த முழு வரிசையால் பயனே இல்லையா? இருக்கிறது, வேறொரு வேலைக்கு. எல்லா சர்வர்களும் ஏதாவது ஒரு வரிசைக்கு ஒத்துக்கொண்டால் போதும், அது உண்மையான வரிசையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்ற இடங்கள் உண்டு. ஒரே ஒருவர்தான் உள்ளே போகலாம் என்ற அறைக்கு மூன்று பேர் சாவி கேட்பதாக வையுங்கள். யாருக்கு முதலில் என்பதில் மூவரும் ஒரே முடிவுக்கு வந்தால் போதும். லாம்போர்ட் தன் கட்டுரையில் காட்டிய உதாரணமும் இதே வகைதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. என் கோரிக்கை எண் 9 என்றால், என்னைவிடச் சிறிய எண்ணுள்ள கோரிக்கை வழியில் வந்துகொண்டிருக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? மெசேஜ்கள் அனுப்பிய வரிசையிலேயே வந்து சேரும் என்ற உறுதி இருந்தால், மற்ற ஒவ்வொரு சர்வரிடமிருந்தும் 9-ஐவிடப் பெரிய எண்ணுள்ள ஏதாவது ஒரு மெசேஜ் வந்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரே ஒரு சர்வர் வாயை மூடிக்கொண்டால் எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

உங்கள் குடோனுக்கு வருவோம். அதற்கு உண்மையிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. 'ரத்து' வந்தது, அதற்குப் பிறகு 'அனுப்பு' வந்தது. அனுப்பலாமா, கூடாதா? லாம்போர்ட் எண்கள் 4, 5. பெரிய எண்தான் கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொண்டால் சரக்கு வண்டியேறிவிடும். ரத்து செய்தவர் வீட்டு வாசலில் பார்சல் நிற்கும்.

இதற்கு ஒரே எண் போதாது. 1988-ஐ ஒட்டி காலின் ஃபிட்ஜ், ஃப்ரீடமான் மாட்டெர்ன் இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்த வழி இது: ஒவ்வொரு சர்வரும் தனக்கு மட்டுமல்ல, தனக்குத் தெரிந்தவரை மற்ற எல்லோருக்கும் ஓர் எண் வைத்துக்கொள்ளட்டும். மூன்று சர்வர் என்றால் மூன்று எண்கள், [ஆ, ப, கு] என்ற வரிசையில். தன் வேலை நடந்தால் தன் கட்டத்தில் மட்டும் ஒன்று கூட்டும். மெசேஜோடு மூன்றையும் அனுப்பும். பெறுகிறவர் ஒவ்வொரு கட்டத்திலும் பெரியதை எடுத்துக்கொண்டு, பிறகு தன் கட்டத்தில் ஒன்று கூட்டுவார். இதற்கு வெக்டர் கடிகாரம் என்று பெயர். அதே காலைப்பொழுது:

```
ஆ1  [1,0,0]     ப1  [2,1,0]     கு1  [0,0,1]
ஆ2  [2,0,0]     ப2  [2,2,0]     கு2  [4,0,2]
ஆ3  [3,0,0]     ப3  [2,3,0]     கு3  [4,3,3]
ஆ4  [4,0,0]                     கு4  [4,3,4]
ஆ5  [5,3,4]
```

கு3 வந்த கணக்கை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள், மற்றது எல்லாம் அதே மாதிரிதான். குடோனிடம் இருந்தது [4,0,2]. 'அனுப்பு' மெசேஜில் வந்தது [2,3,0]. கட்டம் கட்டமாகப் பெரியதை எடுத்தால் [4,3,2]. தன் கட்டத்தில் ஒன்று கூட்டினால் [4,3,3].

ஒப்பிடும் விதி எளிது. ஒன்றின் ஒவ்வொரு கட்டமும் மற்றதன் அதே கட்டத்தைவிடச் சிறியதாகவோ சமமாகவோ இருந்து, ஒரு கட்டமாவது கண்டிப்பாகச் சிறியதாக இருந்தால், அது முந்தியது. ஆ2 [2,0,0], ப2 [2,2,0]: முந்தியது. ஒரு கட்டத்தில் இது பெரியது, இன்னொரு கட்டத்தில் அது பெரியது என்று வந்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. ரத்து ஆ3 [3,0,0], பணம் எடுத்தது ப2 [2,2,0]: முதல் கட்டத்தில் ரத்து பெரியது, இரண்டாவதில் பணம் பெரியது. தீர்ந்தது. லாம்போர்ட் எண் 3, 4 என்று காட்டி மறைத்ததை வெக்டர் வெளியே கொண்டுவந்துவிட்டது. இங்கே விதி இரண்டு பக்கமும் பொருந்தும்: வெக்டர் சிறியது என்றால் முந்தியது, முந்தியது என்றால் வெக்டர் சிறியது.

ஆனால் நான் வெக்டரை ஒப்பிடும் கருவியாக நினைப்பதில்லை. 'உனக்கு என்னைப் பற்றி எதுவரை தெரியும்' என்ற கேள்விக்குப் பதிலாகப் படிக்கிறேன். குடோனுக்கு வந்த 'அனுப்பு' மெசேஜில் ஆ-வின் கட்டம் 2. அதாவது அதை அனுப்பியபோது, ஆர்டர் சர்வரில் நடந்த முதல் இரண்டு நிகழ்வுகள்தான் பேமென்ட்டுக்குத் தெரியும். ரத்து மூன்றாவது நிகழ்வு. ஆகவே இந்த 'அனுப்பு' ரத்தை அறியாமல் சொன்னது. குடோன் சரக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம்.

இதே 'அனுப்பு' மெசேஜ் [5,3,0] என்று வந்திருந்தால் அர்த்தமே வேறு. ரத்தும் பேமென்ட்டுக்குத் தெரியும், அதற்குப் பிறகு ஆ-வில் நடந்த இன்னொன்றும் தெரியும். அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் 'அனுப்பு' என்கிறது. வாடிக்கையாளர் மறுபடியும் மனம் மாறியிருக்கிறார் போலும். மெசேஜின் வாசகம் ஒன்றேதான், வந்து சேர்ந்த வரிசையும் ஒன்றேதான். செய்ய வேண்டியது மட்டும் நேர் எதிர். அந்த வேறுபாட்டை வேறு எந்தக் கடிகாரமும் குடோனுக்குக் காட்டாது, எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும். சரியான மணியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ரத்து 07.5, பணம் 08.0, பிந்தியது பணம்தான், ஆகவே சரக்கு வண்டியேறிவிடும். துல்லியமான தவறு.

இனி எங்கே உடையும் என்பது. நான் பார்த்ததில் அடிக்கடி உடைவது, மெசேஜ் என்று யாரும் நினைக்காத ஒரு மெசேஜில். பேமென்ட் ஒரு டேபிளில் 'பணம் வந்தது' என்று எழுதிவைக்கிறது; குடோன் நிமிடத்துக்கு ஒருமுறை அந்த டேபிளைப் படிக்கிறது. நெட்வொர்க்கில் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை, ஆகவே எண்ணை அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அதுவும் மெசேஜ்தான். அந்த வரியிலேயே எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும், படிக்கும்போது பெற்றதாகக் கணக்கு வைக்க வேண்டும். க்யூவுக்கும் அதேதான்.

அடுத்தது ரீஸ்டார்ட். எண்ணை மெமரியில் மட்டும் வைத்திருந்தால் சர்வர் விழுந்து எழுந்ததும் 0-விலிருந்து தொடங்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இது இரண்டு வாரம் யார் கண்ணிலும் படவில்லை. அடுத்த மெசேஜ் உள்ளே வந்ததும் எண் தானாகவே மேலே ஏறிவிடுவதால், நடுவே இருந்த சில நொடிகளில் எழுதியவை மட்டும்தான் தப்பு. வெக்டரில் இது இன்னும் மோசம்: மற்றவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட எண்ணையே வேறொரு நிகழ்வுக்கு மறுபடியும் கொடுத்துவிடுவீர்கள், புதியதைப் பழையது என்று எல்லோரும் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் டிஸ்கில் எழுதுவது செலவு என்றால், ஆயிரம் எண்களை மொத்தமாக முன்பதிவு செய்து, அந்த உச்ச எண்ணை மட்டும் எழுதிவையுங்கள். எழுந்ததும் அதற்கு மேலிருந்து தொடங்கலாம். நடுவே எண்கள் விட்டுப்போவதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் அடையாள எண் இருந்தால், லாகில் அனுப்பிய வரியையும் பெற்ற வரியையும் சேர்த்து, பெற்ற எண் அனுப்பிய எண்ணைவிடப் பெரியதா என்று பாருங்கள். ஒவ்வொரு சர்வரிலும் எழுதிய வரிசையில் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். முதலாவது தவறினால் எங்கோ எண் தொலைந்திருக்கிறது. இரண்டாவது தவறினால் ரீஸ்டார்ட், அல்லது இரண்டு த்ரெட்கள் பூட்டுப் போடாமல் ஒரே எண்ணை ஏற்றுகின்றன.

எண்ணை மட்டும் வைத்துச் சரி செய்யவே முடியாத ஓர் ஓட்டையும் உண்டு, அதையும் லாம்போர்ட் அப்போதே எழுதிவிட்டார். ஒருவர் ஒரு கணினியில் ஒரு கோரிக்கையைப் போட்டுவிட்டு, வேறு ஊரில் இருக்கும் நண்பருக்கு போன் செய்து அங்கே இன்னொன்றைப் போடச் சொல்கிறார். இரண்டாவது முதலாவதன் விளைவுதான். ஆனால் போன் பேச்சு கணினிகளுக்குத் தெரியாது, ஆகவே இரண்டாவதற்குச் சிறிய எண் விழலாம். உங்கள் வாடிக்கையாளர் ரத்து பட்டனை அழுத்தாமல் குடோனுக்கே போன் போட்டால் இதே கதைதான். அந்த மாதிரி இடத்தில் மணியும் கொஞ்சம் வேண்டும்.

மணியையும் எண்ணையும் ஒன்றாகத் தைத்த ஒன்று 2014-ல் வந்தது. கலப்புக் கடிகாரம் எனலாம். காக்ரோச்டிபி, மாங்கோடிபி என்ற இரண்டு தரவுத்தளங்களிலும் இந்த வகைதான் இருக்கிறது. விதி அதே 'பெரியதை எடு'. ஆனால் தன் சுவர்க் கடிகாரத்தையும் போட்டியில் சேர்த்துக்கொள்ளும். சுவர்க் கடிகாரம் வென்றால் கூடவே இருக்கும் சிறு எண் 0. தோற்றால் சிறு எண் மட்டும் ஏறும். நம் உதாரணத்தில் ஆ2 (05.1, 0) என்று அனுப்ப, ப-வின் கடிகாரம் 01.2 என்று காட்ட, பெரியது 05.1, ஆகவே ப1 (05.1, 1). பணம் எடுத்தபோது அதன் கடிகாரம் இன்னும் 04.0-தான், ஆகவே ப2 (05.1, 2). ஆர்டருக்குப் பின்னால்தான் விழுகிறது, மனிதர் படிக்கக்கூடிய நேரமாகவும் இருக்கிறது. ஆனால் ஒரு சர்வரின் கடிகாரம் நாளைய தேதிக்குப் போய்விட்டால் எல்லோரையும் நாளைக்கு இழுத்துவிடும். அதனால்தான் இதில் ஒரு வரம்பு வைப்பார்கள். காக்ரோச்டிபியில் வழக்கமாக அது 500 மில்லிநொடி. மேலும், அறியாதவற்றைக் கண்டுபிடிக்கும் திறன் இதற்கும் கிடையாது. அந்த விஷயத்தில் இது லாம்போர்ட் எண்ணின் தம்பிதான்.

வெக்டரின் விலை அதன் நீளம். ஒரு லட்சம் மொபைல்களுக்கு ஆளுக்கொரு கட்டம் கொடுக்க முடியாது; சுருக்கிவிடலாம் என்றால், பொதுவாக N பேருக்கு N கட்டத்துக்குக் குறைவாக வைத்து முந்தல் பிந்தலை முழுதாகச் சொல்ல முடியாது என்று 1991-ல் பெர்னாடெட் ஷாரோன்-போஸ்ட் நிரூபித்துவிட்டார். அமேசான் 2007-ல் விவரித்த டைனமோ என்ற தரவுத்தளத்தில் கட்டங்கள் 10 போன்ற ஒரு வரம்பைத் தாண்டினால் பழையதைத் தூக்கிப்போட்டார்கள். அதே டைனமோவில், ஒரே வாடிக்கையாளரின், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஷாப்பிங் கூடைப் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும்போது, நீக்கிய பொருள் சில சமயம் கூடைக்குத் திரும்பி வந்துவிடும் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்கள். இரண்டு மாற்றங்கள் ஒன்றையொன்று அறியாதவை என்று கடிகாரம் சொல்லும். என்ன செய்வது என்று சொல்லாது. அது வியாபார முடிவு.

உங்களுக்கு மூன்றே சர்வர் என்பதால் நீளம் ஒரு கவலையே இல்லை. மூன்றிலும் என்டிபி ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மெசேஜின் தலைப்பிலும், அந்தப் பகிர்ந்த டேபிள் உங்களிடமும் இருந்தால் அதன் வரியிலும், மூன்று எண்களை வையுங்கள். லாகில் மணிக்குப் பக்கத்திலேயே அதையும் அச்சிடுங்கள். குடோனில் 'அனுப்பு' வரும்போது, அந்த ஆர்டருக்கு ஏற்கெனவே ரத்து வந்திருந்தால், 'அனுப்பு' மெசேஜின் ஆ-கட்டம் ரத்து மெசேஜின் ஆ-கட்டத்தைவிடச் சிறியதா என்று ஒரு வரி ஒப்பீடு. சிறியது என்றால் சரக்கு நிற்கட்டும். ரத்து பிந்தி வந்து, அதற்குள் வண்டி கிளம்பியிருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் குடோன்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.